பனியாறு விட்டுப்போன தடயங்கள்

பனியாறு போன பள்ளத்தாக்கு ஏன் ‘யு’ வடிவில் இருக்கிறது? பனியாறு குவித்துவிட்டுப்போன மொரைன் மேடுகளை வைத்துப் பழைய பனியுகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மலையில் ஓடும் ஆறு பெரும்பாலும் தன் அடியையே அறுக்கும். பனியாறோ பள்ளத்தாக்கையே நிரப்பிக்கொண்டு நகரும். அதில் உறைந்து ஒட்டிய கற்கள் அடியையும் பக்கங்களையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். விரிசல்களில் உருகுநீர் மறுபடி உறைந்து, பாறையைப் பாளமாகவே பெயர்க்கும்.

அப்படிச் சுமந்துவந்த கல்லும் மண்ணும் பனி உருகும் முனையில் மேடாகக் குவிவதுதான் முனை மொரைன். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நீளவாக்கில் ஓடும் மேடுகள் இவைதான். கடைசிப் பனியுகத்தில், 20,000 ஆண்டுகளுக்கும் முன்பு, வட அமெரிக்கப் பனிப்படலம் அதுவரை வந்து நின்றது.

சரி, காலக்கணக்கு? வெளியே கிடக்கும் பாறையில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்டு, பெரிலியம்-10 என்ற அணு கொஞ்சங்கொஞ்சமாகச் சேரும். அதன் அளவே கடிகாரம். பின்னாளில் புரண்ட கல் வயதைக் குறைத்துக் காட்டும், அதனால் பல கற்களைச் சோதிப்பார்கள். பெரிய தலைவலி வேறு: அடுத்துவரும் பனி இன்னும் தூரம் முன்னேறினால், பழைய மொரைனை வழித்துக்கொண்டு போய்விடும்.