மீதித் துணியைக் கூட்டி எழுதாதீர்கள்

"டர்பன், சாட்ஸ்வொர்த்தில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நோட்டில் மஞ்சள் பாப்ளின் 3.4 மீட்டர் மீதி என்று இருந்தது. அதை நம்பி காவடிக்கு ஒரு ஜிப்பா தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன். வெட்டப் போனால் துணி போதவில்லை. பட்டன், லேஸிலும் இதே தொல்லை. கணக்கை எப்படி வைப்பது?" – வாசகி ஒருவர்

வாங்கிய நீளத்தில் வெட்டியதைக் கழித்துக்கொண்டே வந்திருப்பீர்கள். கழித்தல் சரியாகவே இருக்கும். ஆனால் அலமாரியில் இருப்பது ஒரே துணி அல்லவே. 1.6, 1.0, 0.8 மீட்டர் என்று மூன்று துண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னா, அதாவது துணியின் அகலம், 114 செ.மீ.

ஜிப்பாவின் உயரம் மடிப்போடு 110 செ.மீ. முன்பாகம், பின்பாகம் ஒவ்வொன்றும் 58 செ.மீ. அகலம் என்றால் இரண்டும் பன்னாவில் பக்கத்தில் பக்கத்தில் அடங்காது. ஆகவே 110 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வேண்டும். உங்களிடம் 1.6 மட்டும்தான் தேறுகிறது. அதே துணியில் 95 செ.மீ. நீளத்தில் இரண்டு பாகம் கேட்கும் உள்பாவாடை தாராளமாக வரும். அதனால் ஆர்டர் எடுக்கும்போது மொத்தம் எத்தனை மீட்டர் என்று பார்க்காமல், மிக நீளமான பாகம் எது, அது எத்தனை என்று பாருங்கள்.

நோட்டில் துண்டுக்கு ஒரு வரி. துணியிலும் அதே எண் போட்ட சீட்டைக் குத்திவிடுங்கள். வெட்டி முடித்த கையோடு பழைய அளவை அடித்து, புது அளவை இரண்டிலும் எழுத வேண்டும். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால்தான் கணக்கு கெடுகிறது. ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்ட துண்டில் முழுப் பன்னா உள்ள நீளத்தை மட்டும் எழுதுங்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை 'ஒட்டு 40 × 56' என்று தனியாகக் குறிக்கலாம், கைக்கோ காலருக்கோ ஆகும்.

அளக்கும்போது இரண்டு கரையிலும் அளந்து, குறைந்ததை எழுதுங்கள். முனை கோணலாக இருந்தால் ஒரு பக்கம் 100, மறுபக்கம் 96 என்று வரும். உங்களுக்கு உதவப்போவது 96தான். பாப்ளின் என்றால் ஓரத்தில் சின்னதாக வெட்டுக் கொடுத்துக் கிழித்தால் இழை பிடித்து நேராக வரும். கிழித்தபின் அளந்தால் சந்தேகமே இல்லை.

பட்டனை எண்ணிக்கையோடு செட்டாகவும் எழுதுங்கள். சட்டைக்கு முன்னால் 7, கைக்கு 2, மாற்றுக்கு 1, ஆக 10 என்றால், 23 பட்டன் என்பது 2 சட்டையும் மீதி 3ம். அந்த மூன்றோடு புதிதாக வாங்கியதைக் கலக்க வேண்டாம். வெள்ளையிலேயே சாயம் மாறும், சட்டையில் பளிச்சென்று தெரியும்.

லேஸும் துண்டு துண்டாகத்தான். எலாஸ்டிக் கலந்த லேஸை அட்டையில் இறுக்கிச் சுற்றியிருந்தால், பிரித்துச் சற்று நேரம் மேசையில் தளர விட்டு, இழுக்காமல் அளக்க வேண்டும். இழுத்து அளந்தால் நீளம் கூடுதலாகக் காட்டும், தைக்கும்போது கழுத்தைச் சுற்றி முடிக்கும் இடத்தில் குறையும்.

30 செ.மீ.க்குக் கீழே போன துணியை நோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பைப்பிங்குக்கும் துணி பட்டனுக்கும் ஒரு பையில் போட்டு வைத்தால் போதும், அதற்குக் கணக்கு வேண்டாம்.