கழுத்துத் தேய்மானம், கையில் மரமரப்பு: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: 46 வயது, தையல் வேலை. 2 மாதமாக வலது கழுத்திலிருந்து கட்டைவிரல், ஆள்காட்டி விரல் வரை எறும்பு ஊர்கிறது. எக்ஸ்ரே பார்த்து சர்விகல் ஸ்பாண்டிலோசிஸ் என்றார்கள். மிஷினை விற்றுவிடட்டுமா?

வேண்டாம் அக்கா. எக்ஸ்ரேயில் இருக்கும் பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்த வயதில் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் தேய்மானம் தெரியும். எந்த விரல் என்பதுதான் எனக்கு முக்கியம். கட்டைவிரலும் ஆள்காட்டியும் என்றால் ஆறாவது கழுத்து நரம்பின் மேல் சந்தேகம் வரும். அது வெளியே வரும் துவாரத்தில் எலும்பு முளைத்தோ ஜவ்வு பிதுங்கியோ இடம் குறைந்திருக்கலாம்.

வலது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மரமரப்பு தணிந்தால் கழுத்திலிருந்துதான் வருகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

உங்களைப் போலவே தையல்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். ஊசி முனையைப் பார்க்க முகவாய் நெஞ்சில் படும் அளவுக்குக் குனிவார். மிஷினின் நான்கு காலுக்கும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினோம், விளக்கை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். கைத்தையலை மடியில் வைக்காமல், மடியில் தலையணை போட்டு அதன்மேல் வைக்கச் சொன்னேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தோளைப் பின்னுக்கு இழுத்து விடுவார். மூன்றாவது வாரம், "விரலில் இல்லை, முழங்கையோடு நிற்கிறது, ஆனால் கழுத்து வலி கொஞ்சம் கூடுதல்" என்று கவலைப்பட்டார். அது நல்ல செய்தி. மரமரப்பு விரலைவிட்டு மேலே ஏறினால் நரம்பு விடுபடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இப்படித்தான் குறையும். மாறாக, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது கை வலுவிழந்து நழுவினால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கும் அதேதான் சார். காலர் போட்டால் போதும். 4 மாதமாக நான் கழற்றவே இல்லை, அந்த அக்காவும் வாங்கட்டும்.

வலி தாங்க முடியாத முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குக் காலர் உதவும், அதுவரை நீங்கள் சொல்வது சரி. 4 மாதம் என்பது அதிகம் தம்பி. தலையைத் தாங்க வேண்டிய தசைகள் வேலை இல்லாமல் மெலிந்திருக்கும். ஒரேயடியாகக் கழற்றவும் வேண்டாம். வீட்டில் இருக்கும்போது ஒரு மணி நேரம் கழற்றி, நாளுக்கு நாள் அந்த நேரத்தைக் கூட்டுங்கள். கூடவே உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் மெதுவாக அழுத்தி 5 விநாடி நிறுத்திப் பழகுங்கள். கைக்கு வலி இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எனக்குச் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. படுத்துக்கொண்டு போன் பார்த்தால் அதிகம். கழுத்துக்கு என்ன பயிற்சி செய்யலாம்?

முதலில் முழங்கையைப் பாருங்கள். போனைப் பிடித்து முழங்கையை மடக்கியே வைத்தால் அதன் உள்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கும், சுண்டுவிரலும் பாதி மோதிரவிரலும் மரக்கும். இரவில் முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிப் படுங்கள், மடங்காது. எட்டாவது கழுத்து நரம்பும் அதே விரலுக்குத்தான் போகிறது, அதனால் கழுத்தையும் முழுதாக விட்டுவிட முடியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே உள்ள சதை குழிந்திருந்தால் சீக்கிரம் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சொடுக்கி எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கைக்கு மரமரப்பு இறங்கும் கழுத்தைத் திடீரென்று திருப்பவே கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. அவருக்கும் தேய்மானம் என்றார்கள், வலி ஒன்றும் இல்லை. ஆனால் சட்டைப் பொத்தான் போட ரொம்ப நேரம் ஆகிறது, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுவிடுகிறது. என்ன எண்ணெய் தேய்க்கலாம்?

எண்ணெய் வேண்டாம், மசாஜ் வேண்டாம், கழுத்தை இழுக்கும் டிராக்‌ஷனும் வேண்டாம். இந்த வாரமே நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கையும் காலும் சேர்ந்து தடுமாறினால் தண்டுவடமே நசுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும், அது எம்ஆர்ஐ-யில்தான் தெரியும். வலி இல்லை என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தண்டுவடம் இழந்த வலு முழுதாகத் திரும்பாமலே போகலாம். சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: நான்தான், தையல் அக்கா. கையைத் தலையில் வைத்தேன், குறையவில்லை. ஆனால் ராத்திரி 3 மணிக்கு மரத்து எழுப்புகிறது, கையை உதறினால் சரியாகிறது. நடுவிரலிலும் இருக்கிறது.

இதை முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். ராத்திரி எழுப்புவதும் உதறினால் தணிவதும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதற்கான அடையாளம். போதாததற்கு, கத்தரிக்கோல் பிடிக்கும் கையும் அதுதான். கழுத்திலிருந்து இறங்குவதாகவும் சொன்னீர்கள், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இங்கிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நரம்பில் மின்னோட்டம் ஓடும் வேகத்தைப் பார்க்கும் என்சிஎஸ் பரிசோதனையை டாக்டரிடம் கேளுங்கள், சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை படுக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். மிஷினுக்குக் கட்டை கொடுப்பதையும் விட்டுவிடாதீர்கள்.