வேலூரில் வீட்டிலேயே ஊறுகாய் போடுகிறேன். இன்ஸ்டாகிராம் பக்கம் வழியாக விற்பதா, ஆன்லைன் விற்பனைத் தளத்தில் போடுவதா? எது கட்டுப்படியாகும்?

கால் கிலோ பாட்டில்தான் உங்கள் சரக்கு என்றால் பக்கம்தான். தளத்தில் ஒற்றைப் பாட்டில் விற்றால் கையைக் கடிக்கும். நான் காட்பாடியிலிருந்து ஆவக்காயும் நார்த்தங்காயும் இரண்டு வழியிலும் விற்கிறேன், அந்தக் கணக்கையே சொல்கிறேன்.

250 கிராம் ஆவக்காய்க்கு மாங்காய், எண்ணெய், கடுகு, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்து 55 ரூபாய் என்று வையுங்கள். பாட்டில், சீல், லேபிள் 20. அட்டைப்பெட்டி 15. ஆக 90. விலை 180. பக்கத்தில் கேட்பவர் ஜிபேயில் முன்பணம் போட்டுவிடுவார், கூரியர் செலவும் அவருடையது. சத்துவாச்சாரியில் இருப்பவர் என்றால் கூரியரே வேண்டாம், நேரில் வந்து வாங்கிக்கொள்வார். உங்களுக்கு 90 ரூபாய் நிற்கும்.

அதே பாட்டிலைத் தளத்தில் போடுங்கள். கமிஷன், ஆர்டருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணம், எடைக்கேற்ற டெலிவரி கட்டணம் என்று மூன்று பிடித்தம். தளத்துக்குத் தளம் மாறும். உதாரணத்துக்கு 14, 25, 65 என்று வைத்தால் 104. இந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு, மொத்தம் 123. கைக்கு வருவது 57 ரூபாய், போட்ட முதலோ 90.

மூன்று பாட்டில் சேர்ந்த ஒரே பேக்காக 540 ரூபாய்க்குப் போட்டால் கதை மாறுகிறது. நிலையான கட்டணம் ஒரே தடவைதான். பெட்டியோடு எடை ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடுவதால் டெலிவரியும் மூன்று மடங்காகாது. இதே வீதத்தில் பிடித்தம் 190 ரூபாய் சுமாருக்கு வரும். மூன்றுக்கும் ஒரே பெட்டி என்பதால் முதலும் 270 இல்லை, 250. நூறு ரூபாய் மிஞ்சும். உங்கள் கைவேலைக்கும் சேர்த்துத்தான் அந்த நூறு. அதனால் தளத்தில் ஒற்றைப் பாட்டிலே காட்டாதீர்கள்.

அடுத்தது ஒழுகல். எண்ணெய் ஊறுகாய்க்கு காயின் மேல் அரை சென்டிமீட்டராவது எண்ணெய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஊறுகாயில் பத்து சதவீதமாவது எண்ணெய் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. வழியில் ஒழுகுவதும் அதே எண்ணெய்தான். மூடிக்குள் இருக்கும் அலுமினியத் தாளைச் சூட்டில் ஒட்டும் இண்டக்‌ஷன் சீல் போடுங்கள். ஆனால் பாட்டில் வாயில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் அந்த இடத்தில் சீல் பிடிக்காது, மேலுக்குப் பார்த்தால் தெரியவும் தெரியாது. புனல் வைத்து ஊற்றி, வாயைக் காய்ந்த துணியால் சுற்றித் துடைத்த பிறகே மூட வேண்டும். மூடியதைப் பழைய செய்தித்தாள் மேல் படுக்க வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் அந்தப் பாட்டில் போகக் கூடாது. நம்ம ஊர் மே மாத வெயிலில் கூரியர் வண்டிக்குள் எண்ணெய் இன்னும் இளகி ஓடும், அதையும் மனதில் வையுங்கள்.

சீல் இரண்டு மூன்று நாளில் உப்பினால் அது வேறு வியாதி. உள்ளே புளித்து வாயு கிளம்புகிறது. மாங்காயில் ஈரம் இருந்திருக்கும், இல்லாவிட்டால் உப்பு குறைந்திருக்கும். அதே ஜாடியிலிருந்து நிரப்பிய எல்லாப் பாட்டிலையும் நிறுத்தி வையுங்கள். ஜாடியிலேயே ஊறி அடங்கிய பிறகு பாட்டிலில் நிரப்பினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அப்புறம் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல். சித்தூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், ஆனால் வேறு மாநிலம். ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது, விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும். பக்கம் வழியாக விற்றாலும் இதே விதிதான். பலருக்கு இது தெரிவதில்லை. ஆவக்காய் என்றாலே ஆந்திராக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும்தான் முதலில் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்! தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால், ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழே இருக்கும் சிறு விற்பனையாளர் 2023 அக்டோபரிலிருந்து பதிவு இல்லாமலே தளத்தில் விற்கலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கித் தளத்திடம் கொடுத்தால் போதும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் இரண்டு வழிக்குமே கட்டாயம். foscos.fssai.gov.in தளத்தில் அடிப்படைப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய். கிடைக்கும் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். லேபிளை மொத்தமாக அச்சடிக்கக் கொடுக்கும் முன் அந்த எண் கையில் வரட்டும்.