மடிப்பு முறியாமல் சின்னத்தை நீக்குவது எப்படி?

கேள்வி: ரோஸ் ஹில்லில் அச்சில்லாத டி-சட்டைகளை இணையத்தில் விற்கிறேன். காவடித் திருவிழாவுக்கு முன் ஆர்டர் எடுக்கப் படம் வேண்டும். கையில் இருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையின் மார்பில் வேறொரு வாடிக்கையாளரின் சிவப்புச் சின்னம் இருக்கிறது. குளோன் கருவியால் அழித்தால் குறுக்கே ஓடும் மடிப்புகள் முறிந்துபோகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: வாங்குபவருக்குப் போய்ச் சேருவது அச்சில்லாத சட்டையே என்றால் இதில் தவறில்லை, சின்னம் உள்ள சட்டையையே அனுப்புவதாக இருந்தால் இது ஏமாற்று.

மடிப்பின் நிழல் துணியின் மீது விழுந்ததைப் போலவே சின்னத்தின் மீதும் விழுந்திருக்கிறது. அந்த நிழலையும் சேர்த்து அழித்துவிட்டுப் பக்கத்துத் துணியை ஒட்டுவதால்தான் கோடு முறிகிறது. ஆகவே நிழலை விட்டுவிட்டு மையின் நிறத்தை மட்டும் எடுக்க வேண்டும். சிவப்பு மை சிவப்பு ஒளியை ஏறக்குறைய வெள்ளைத் துணியைப் போலவே திருப்பி அனுப்புவதால், படத்தின் சிவப்புத் தடத்தைத் தனியே பார்த்தால் சின்னம் பெரும்பாலும் மறைந்து மடிப்புகள் மட்டும் தெரியும்.

ஜிம்ப் மென்பொருளில் படத்தின் அடுக்கை நகலெடுத்து, நகலில் `Colors > Components > Extract Component` சென்று `RGB Red` என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்பல் நிறமான அந்த அடுக்குக்குக் கறுப்பு முகமூடி இட்டு, சின்னம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள். இப்போது சின்னம் சற்றே மங்கிய உருவமாக எஞ்சும். மடிப்பில்லாத ஓரிடத்தில் சின்னத்தின் உள்ளே 214, அதன் வெளியே துணியில் 230 என்று அளவு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 255-ஐ 214-ஆல் பெருக்கி 230-ஆல் வகுத்தால் 237 வரும். முகமூடியில் அல்லாமல் அடுக்கின் மீதே `Levels` திறந்து, உள்ளீட்டின் வெள்ளை முனையை 237-க்கு இறக்குங்கள். எல்லாம் ஒரே விகிதத்தில் உயர்வதால், மடிப்பின் நிழலில் 140 இருந்த இடம் 151 ஆகி, அருகிலுள்ள துணியின் 150-உடன் சேர்ந்துவிடும். கூட்டலாக வெளிச்சம் ஏற்றினால் இது நடக்காது. நிழல்கள் வெளுத்து, மடிப்பு தட்டையாகிவிடும். துணியில் நீலச் சாயலோ மஞ்சள் சாயலோ இருந்தால், இந்த அடுக்குக்கும் அதே சாயலை ஏற்ற வேண்டும்.

விளிம்புதான் தொல்லை தரும். கைபேசிப் படங்களில் சிவப்பு நிறம் சின்னத்தின் எல்லையைத் தாண்டி இளஞ்சிவப்பாகக் கசிந்திருக்கும். முகமூடியை அகலப்படுத்தினால் அங்கே வெளிச்சமான வளையம் தோன்றும் என்பதால், மேலே புதிய அடுக்கு ஒன்றை `LCh Color` முறையில் வைத்து, துணியின் நிறத்தை மெல்லிய தூரிகையால் விளிம்பில் தீட்டுங்கள். அது நிறத்தை மாற்றும், நிழலைத் தொடாது. பிறகும் எஞ்சும் மெல்லிய கோட்டுக்கு மட்டுமே குளோன் கருவி தேவை. அப்போதும் அதே மடிப்பின் நீளவாக்கில் மேலேயோ கீழேயோ இருந்து மாதிரி எடுங்கள்.

முடிந்ததும் படத்தின் மாறுபாட்டை மிகையாக உயர்த்திப் பாருங்கள்; சின்னத்தின் வடிவம் ஆவிபோல் தெரிந்தால் 237 என்ற எண்ணை ஓரிரு புள்ளி நகர்த்துங்கள். தடித்த, பளபளப்பான அச்சாக இருந்தால் அதன் மினுமினுப்பு எந்த விகிதத்துக்கும் அடங்காது. கறுப்புச் சின்னத்துக்கோ எந்தத் தடமும் உதவாது. அவ்விரண்டுக்கும் சட்டையின் அச்சில்லாத முதுகைப் படமெடுத்துப் போடுவதே குறைந்த வேலை.