அடையாள அட்டையில் புரண்டுபோன பிறந்த தேதிகள்

கேள்வி: எக்செல்லில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போட்டுப் பெயரையும் பிறந்த தேதியையும் தனித்தனியாகப் பிரித்தேன். சிலருக்குத் தேதி சரியாக இருக்கிறது, சிலருக்கு நாளும் மாதமும் இடம் மாறிவிட்டது. ஏன்?

உங்கள் கணினியின் ரீஜன் அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும், மூன்றாம் படியில் எதையும் தொடாமல் `Finish` கொடுத்திருப்பீர்கள். நானும் அதையேதான் செய்தேன்.

ஒரு பள்ளி அலுவலகத்தில் இருந்தபோது நானூறு சொச்சம் பிள்ளைகளின் பட்டியல் வந்தது. பெயர், கமா, பிறந்த தேதி, எல்லாம் ஒரே கட்டத்தில். பிரித்தேன், தேதிப் பத்தியை dd/mm/yyyy என்று மாற்றினேன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தினேன், அட்டை அச்சடிக்க அனுப்பிவிட்டேன். அட்டை கொடுத்த மறுநாளே ஒரு அம்மா வந்து நின்றார். "மாசியில பொறந்த புள்ளைய சித்திரையில பொறந்ததா அடிச்சிருக்கீங்களே சார்?" மார்ச் 5 பிறந்த பிள்ளை, அட்டையில் 03/05/2009. தட்டச்சுப் பிழை என்று நினைத்து அந்த ஒன்றைக் கையால் திருத்தினேன். மாலைக்குள் இன்னொருவர் வந்தார், அதையும் திருத்தினேன். மூன்றாவது ஆள் வந்தபோதுதான் வயிறு கலங்கியது.

நடந்தது இதுதான். மூன்றாம் படியில் `General` என்று விட்டால் எக்செல் தேதியைக் கணினியின் வழக்கப்படி, அதாவது மாதம் முதலில் என்று படிக்கும். 05/03/2009 அதற்கு மே 3, சரியான தேதிதான், அதனால் மாற்றி வைத்துக்கொள்ளும். 25/03/2009 என்றால் 25ஆம் மாதம் என்று ஒன்று கிடையாது, அதை வெறும் எழுத்தாக அப்படியே விட்டுவிடும். ஆக, நாள் 12க்குள் இருந்தால் மாட்டிக்கொள்ளும். வருடத்தில் அப்படி 144 நாட்கள், அதில் 01/01, 02/02 போன்ற 12 நாட்கள் புரண்டாலும் ஒன்றுதான், மீதி 132 நாட்களில் பிறந்தவர்களுக்கெல்லாம் தேதி தப்பு.

கண்டுபிடிப்பது சுலபம். எழுத்தாக நின்றது இடப்பக்கம் ஒட்டும், தேதியாக மாறியது வலப்பக்கம் ஒட்டும். நான் நடுவில் நிறுத்தியதால் அந்த அடையாளமே அழிந்துபோனது. பக்கத்துப் பத்தியில் `=ISNUMBER(B2)` போட்டு இழுத்துப் பாருங்கள், TRUE வருபவைதான் புரண்டவை.

மூலக் கோப்பு கையில் இருந்தால் அதையே எடுத்து மறுபடி பிரியுங்கள், மூன்றாம் படியில் தேதிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து `Date: DMY` கொடுங்கள், வேலை முடிந்தது. என்னிடம் மூலம் இல்லை, `Destination` மாற்றாததால் அதே பத்தியின் மேலேயே எழுதிவிட்டது. அதனால் புதிய பத்தியில் இதைப் போட்டேன்:

```
=IF(ISNUMBER(B2),DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2)),
DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2)))
```

நாளும் மாதமும் இரண்டிரண்டு இலக்கம், வருடம் நான்கு இலக்கம் என்று இருந்த பட்டியலுக்கு மட்டும்தான் இது பொருந்தும். அப்புறம் முக்கியமான ஒன்று: நான் கையால் திருத்திய அந்த இரண்டு பிள்ளைகளின் தேதியை இது மறுபடி புரட்டிவிட்டது, சரியான தேதிதான் என்று சூத்திரத்துக்கு எப்படித் தெரியும்? கடைசியில் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோதுதான் பிடிபட்டது. புதிய பத்தியை `dd-mmm-yyyy` என்று மாற்றிவிட்டுச் சரிபாருங்கள், மாதம் எழுத்தில் தெரிந்தால் கண் ஏமாறாது.

பவர் க்வெரியில் செய்திருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். அங்கே இருந்தது பழைய எக்செல், புதிதாக எதையும் நிறுவ எனக்கு அனுமதியும் இல்லை, இதை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. அதே பட்டியலை இன்னொரு படிவத்தில் ஏற்ற வேண்டும், அதற்கு ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் தனித்தனியாக வேண்டுமாம். ஸ்பேஸை வைத்துப் பிரித்தால் "எஸ். கவிதா"வுக்கு எஸ். தான் முதல் பெயர், "கவிதா எஸ்"ஸுக்கு எஸ் தான் குடும்பப் பெயர். "முகமது இஸ்மாயில் ஆர்" மூன்று துண்டாகி, வலப்பக்கம் இருந்த பெற்றோரின் கைபேசி எண்ணின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே தகவல் இருக்கிறது, மாற்றட்டுமா என்று எக்செல் கேட்கும், அவசரத்தில் OK அழுத்திவிடுவோம். நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுபவரும் உண்டு, பின்னால் போடுபவரும் உண்டு, இதற்குக் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வைத்து, நிரப்பாமல் விட்டால் சிவப்பில் காட்டுகிறார்களே, அதை வடிவமைத்தவர் ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டையாவது புரட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? பெயரைப் பிரிப்பதை விட்டுவிட்டேன். முழுப் பெயரை முதல் கட்டத்திலும் இனிஷியலை இரண்டாவதிலும் ஒவ்வொன்றாகக் கையாலேயே அடித்தேன், இரண்டு நாள் பிடித்தது.