சேட்டன் என்று தொடங்கியது

அம்மா, எனக்கு 27 வயது. செங்கோட்டைக்காரன், புனலூரில் கடை வேலை. ஞாயிறு மட்டும் ஊருக்கு வருவேன். போன வாரம் டீக்கடையில் பேச்சில் மலையாளம் கலந்துவிட்டது. ‘சேட்டன் வந்தாச்சுடே’ என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். அடுத்தவன் என் சம்பளத்தை இழுத்தான், இன்னொருவன் எனக்குப் பேசி நின்றுபோன பெண்ணை. கடைசி ஆள், என் அம்மா வட்டிக்கு வாங்கியதைச் சொல்லிச் சிரித்தான். சேட்டன் என்றதுகூடப் பரவாயில்லை, அம்மாவை ஏன் இழுக்கணும்? பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். கடன் விஷயத்தை ஒருத்தனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன், அவன் அன்றைக்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான், அது போகட்டும். அம்மாவை இழுத்ததுதான் பொறுக்கவில்லை. நாலு பேரும் மன்னிப்புக் கேட்க வேண்டாமா?

தம்பி, போகட்டும் என்று விட்டீர்களே, அந்த ஐந்தாவது ஆளைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு முன் அந்த நாலு பேர்.

முதல் ஆள் உங்களைப் பார்த்துப் பேசினான். திருப்பிக் கலாய்க்க உங்களுக்கு இடம் இருந்தது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊரில் மலையாளம் கலப்பது ஒரு குற்றமா என்று கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவன் மேல் எனக்குக் குறையில்லை. அடுத்தவனிலிருந்து யாரும் உங்களிடம் பேசவில்லை. முந்தியவனைவிடப் பெரிய சிரிப்பு வாங்கவே பேசினார்கள். பழைய விஷயத்துக்குச் சிரிப்பு வராது, அதனால் சம்பளம், பெண், வீடு என்று உள்ளே உள்ளே போனார்கள். ஒவ்வொருவனுக்கும் தான் சொன்ன ஒரு வரிதான் நினைவிருக்கும், வாங்கிக்கொண்ட உங்களுக்கு நாலும். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் ‘நான் என்னடே பெருசா சொன்னேன்’ என்பார்கள், நிஜமாகவே அப்படி நம்பி. கடனை இழுத்தவனிடம் மட்டும், தனியாக, அந்த ஒரு வரியைச் சொல்லிக் கேளுங்கள்.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கோடுகளின் நீளத்தைக் கூட்டமே தப்பாகச் சொன்னபோது பலர் அதற்கு இணங்கிப் போனார்கள். கூட இருந்தவர்களில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்த இணக்கம் கால்பங்காகக் குறைந்தது. நீங்கள் அன்று எதிர்பார்த்தது அந்த ஒருவனை. நாலு பேர் பேச்சைவிட அவன் பேசாததுதான் வலிக்கிறது.

ஆனால் அவனுக்கு அதற்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஒருவனைக் கூட்டம் ஓட்டும்போது பார்த்துக்கொண்டிருப்பவன், அடுத்தது நாம்தான் என்று ஒடுங்கிப்போவது சகஜம். அப்புறம், சம்பளத்துக்கும் பெண்ணுக்கும் நீங்கள் என்ன முகம் காட்டினீர்கள் என்று எழுதவில்லை. அதற்கும் சிரித்திருந்தால், எங்கே குறுக்கிடுவது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அவனிடம் இரண்டு கேள்வி இருக்கிறது, கலக்காதீர்கள். கடன் விஷயம் உன் வழியாகப் போனதா என்பது நம்பிக்கை பற்றியது. ஏன் வாய் திறக்கவில்லை என்பது பயம் பற்றியது. சின்ன ஊரில் வட்டிக் கடன் வேறு வழியிலும் தெரிந்திருக்கலாம். முதல் கேள்வியை முதலில் கேளுங்கள், டீக்கடையில் வேண்டாம். அதற்கு ‘ஆமாம்’ என்று வந்தால் இரண்டாவதைக் கேட்கவே வேண்டாம்.