மார்ச் இன்வொய்ஸ், மூடிய K வரிசை: மாதத்தைத் திறக்காமல் பதிவது எப்படி?

கேள்வி: கொழும்பில் ஒரு இறக்குமதி நிறுவனத்தில் கடன்கொடுத்தோர் கணக்குகளைப் பார்க்கிறேன். கிளியரிங் ஏஜென்ட்டின் 28.03.2025 திகதியிட்ட இன்வொய்ஸ், புத்தாண்டு லீவு முடிந்து ஏப்ரல் 22ஆம் திகதிதான் கைக்கு வந்தது. மார்ச் 31 என்று போட்டுப் பதியப் போனால் SAP இப்படிச் சொல்கிறது:

```
Period 012/2024 is not open for account type K and G/L 21100000
```

டிசம்பர் மாதத்தை நான் தொடவே இல்லையே! மெனேஜரிடம் சொல்லி மாதத்தைத் திறக்கச் சொல்லவா, இல்லை திகதியை ஏப்ரலுக்கு மாற்றிவிடவா?

பதில்: 012 என்பது இங்கே டிசம்பர் இல்லை, மார்ச். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு SAP-இல் வழக்கமாக V3 என்ற அமைப்பைத்தான் வைத்திருப்பார்கள். அதில் ஏப்ரல் 001, மார்ச் 012. ஆண்டுக்கு, அது தொடங்கிய வருடத்தின் எண்தான். அதனால் 012/2024 என்றால் மார்ச் 2025. சிஸ்டம் உங்கள் திகதியைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறது.

அடுத்து அந்த K. எந்தக் காலப்பகுதி திறந்திருக்கிறது என்பதை OB52 என்ற திரையில் கணக்கு வகை வாரியாக வைத்திருப்பார்கள். K வழங்குநர், D வாடிக்கையாளர், S பொதுப் பேரேடு, A நிலையான சொத்து. இவற்றுக்கெல்லாம் மேலே + என்றொரு வரிசை உண்டு. ஆவணம் முதலில் + வரிசையைத் தாண்ட வேண்டும், அதன் பிறகே K, S என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். + மூடியிருந்தால் `Posting period 012 2024 is not open` என்று கணக்கு வகையே சொல்லாத வேறு செய்தி வந்திருக்கும். உங்களுக்கு வந்த செய்தியில் K இருக்கிறது. அப்படியென்றால் மார்ச் முழுதாக மூடப்படவில்லை. வழங்குநர் பக்கத்தை மட்டும் யாரோ யோசித்துத்தான் மூடியிருக்கிறார்கள். கடன்கொடுத்தோர் மீதியைப் பேரேட்டுடன் ஒப்பிட்டு முடித்துவிட்டு, சீராக்கல் பதிவுகளுக்காக S வரிசையைச் சில நாள் திறந்து வைப்பது ஆண்டிறுதியில் வழக்கமான ஒழுங்கு.

கடைசியிலுள்ள 21100000 உங்கள் செலவுக் கணக்கு இல்லை. அது வழங்குநர்களுக்கான கட்டுப்பாட்டுக் கணக்கு. செலவுக் கணக்கை எத்தனை தடவை மாற்றிப் பார்த்தாலும் இதே செய்திதான் வரும்.

இப்போது உங்கள் இரண்டு யோசனைகளையும் பார்ப்போம். திகதியை ஏப்ரலுக்கு மாற்றுவது பாதி சரி. ஆனால் அதை மட்டும் செய்தால் மார்ச்சில் கிடைத்த சேவையின் செலவு அடுத்த நிதியாண்டில் போய் விழும். இன்வொய்ஸ் ஏப்ரலில் வந்தாலும் கடப்பாடு மார்ச் 31இலேயே இருந்தது. நிதிக்கூற்றுகள் இன்னும் அங்கீகரிக்கப்படாத நிலையில், LKAS 10 படி இது சீராக்க வேண்டிய நிகழ்வு. மாதத்தைத் திறக்கச் சொல்வதோ தேவையில்லாத ஆபத்து. ஏனென்று கீழே சொல்கிறேன்.

சரியான வழி அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கிறது: K மூடியிருக்கிறது, S பெரும்பாலும் திறந்திருக்கிறது. செலவை அட்டுறுவாக மார்ச்சில் போடுங்கள், இன்வொய்ஸை ஏப்ரலில் பதியுங்கள்.

உதாரணமாக இன்வொய்ஸ் ரூபா 450,000, அதன்மேல் 18% வற் 81,000, மொத்தம் 531,000 என்று வைத்துக்கொள்வோம். பொதுப் பேரேட்டைப் பார்க்கும் கணக்காளர் FBS1 மூலம் 31.03.2025 திகதியில் கிளியரிங் செலவை டெபிட் செய்து, அட்டுறு செலவுக் கணக்கைக் கிரெடிட் செய்வார், 450,000க்கு. வற் இதில் வராது. அது வரி இன்வொய்ஸைப் பதியும்போது வரட்டும். எதிர்க்கணக்கு 21100000 ஆக இருக்கக் கூடாது. கட்டுப்பாட்டுக் கணக்கில் நேரடியாகப் பதிய சிஸ்டம் விடாது, அதற்கு K வேண்டும். அதே திரையில் மாற்றுப்பதிவுத் திகதியை 01.04.2025 என்று கொடுத்துவிட்டால், ஏப்ரலில் F.81 ஓட்டும்போது அட்டுறு தலைகீழாகிவிடும்.

அப்புறம் நீங்கள் FB60-இல் இன்வொய்ஸைப் பதியுங்கள். `Document Date` 28.03.2025 ஆகவே இருக்கட்டும், `Posting Date` மட்டும் 22.04.2025. செலவு 450,000 டெபிட், உள்ளீட்டு வற் 81,000 டெபிட், வழங்குநர் 531,000 கிரெடிட். ஏப்ரல் செலவில் கழிக்கப்பட்ட 450,000உம் கூட்டப்பட்ட 450,000உம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், செலவு மார்ச்சிலேயே நிற்கும். அட்டுறு பதிவின் குறிப்பில் இன்வொய்ஸ் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். கணக்காய்வாளர் கேட்டால் இரண்டையும் இணைத்துக் காட்ட அது ஒன்றே போதும்.

அட்டுறு போடுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அந்த வேலைக்குக் கொள்வனவுக் கட்டளை இருந்து, சேவை பெற்றதாக மார்ச்சிலேயே சிஸ்டத்தில் உறுதிப்படுத்தியிருந்தால், செலவு ஏற்கனவே GR/IR கணக்குக்கு எதிராகப் பதிவாகியிருக்கும். அதற்கு மேல் அட்டுறும் போட்டால் மார்ச் செலவு இரட்டிப்பாகும். கட்டளையின் வரலாற்றில் மார்ச் திகதியில் பெறுகைப் பதிவு தெரிந்தால் அட்டுறு வேண்டாம். MIRO-இல் ஏப்ரல் திகதியில் பதிந்தால் வேலை முடிந்தது.

சரி, K-ஐத் திறப்பதில் என்ன ஆபத்து? உங்களுக்கு + வரிசையில் தடை வரவில்லை. அதாவது மார்ச்சுக்கு + உங்கள் பயனர் பெயருக்கும் திறந்தே இருக்கிறது, அனேகமாக எல்லோருக்கும்தான். இந்த நிலையில் K-ஐத் திறந்தால் உங்களுக்காக மட்டும் திறக்காது. மார்ச் திகதி போட்டு யாரும் பதியலாம். அதே காலப்பகுதி அமைப்பைப் பகிரும் சகோதர நிறுவனங்களுக்கும் சேர்த்தே திறக்கும். ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட கடன்கொடுத்தோர் மீதி யாருக்கும் தெரியாமல் மாறிவிடும். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். அந்த மாற்றத்தை அடுத்த மாதம் தேடிப் பிடிப்பதற்குள் மார்ச் எண்கள் பலர் கைக்குப் போயிருக்கும்.

திறந்தே ஆக வேண்டிய சந்தர்ப்பமும் வரும். உதாரணமாக, தவறான வழங்குநரின் பெயரில் பெரிய தொகை பதிவாகி, கணக்காய்வாளர் அதை மார்ச்சிலேயே திருத்தச் சொல்கிறார் என்றால் அட்டுறு உதவாது. அப்போது முதலில் + வரிசையில் 012ஐ முதலாவது காலப்பகுதி இடைவெளிக்குள் வைத்து, `AuGr` பத்தியில் ஓர் அனுமதிக் குழுவைக் கொடுக்க வேண்டும். F_BKPF_BUP அனுமதியில் அந்தக் குழு உள்ளவர் மட்டுமே அதன்பின் மார்ச்சில் பதிய முடியும். இந்தக் கட்டுப்பாடு + வரிசையில், முதலாவது இடைவெளிக்கு மட்டுமே வேலை செய்யும். K வரிசையில் போட்டுவிட்டுப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்ப வேண்டாம். இதைச் செய்த பிறகே K-ஐத் திறக்கலாம். திறப்பவரும் பதிபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். காரணமும் ஆவண விவரமும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிந்த உடனேயே மூட வேண்டும்.

மூடியதும் FBL1N-இல் பதிவுத் திகதி மார்ச், உள்ளிட்ட திகதி அன்றைய நாள் என்று வடிகட்டிப் பட்டியல் எடுங்கள். கோரிக்கையில் இருந்த ஆவணம் மட்டும் வந்தால் சரி. வேறு ஒன்று வந்தாலும் ஒப்பீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும்.

உங்கள் இன்வொய்ஸில் இன்னும் ஓர் இடம் பார்க்க வேண்டியிருக்கிறது. FB60-இல் கொடுப்பனவுத் தவணை எண்ணத் தொடங்கும் திகதி `Baseline Date`. சில தவணை நிபந்தனைகளில் அது பதிவுத் திகதியிலிருந்து தானாக வரும். அப்படி ஏப்ரல் 22 என்று விழுந்தால் 30 நாள் தவணை மே 22 வரை போய்விடும், ஏஜென்ட்டோ மார்ச் 28இலிருந்து எண்ணி ஏப்ரல் 27இல் பணம் கேட்பார். ஒப்பந்தம் இன்வொய்ஸ் திகதியிலிருந்து என்றால், பதியும் முன் அந்தத் திகதியைக் கையால் 28.03.2025 ஆக்கிவிடுங்கள்.